நான்கு கம்பிச் சுற்றில் நியூட்ரலின் அளவு: மும்மடங்கு ஹார்மோனிக் மின்னோட்டத்தைக் கணக்கில் எடுக்கும் முறை

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பெரிய சாலையை ஒட்டி நிற்கும் கடைவீடுகள் பலவற்றில், மாடிக்குப் போகும் கேபிள் வேறொரு காலத்தின் தேவைக்காகப் போடப்பட்டது. மாடியில் அப்போது இருந்தவை காற்றாடிகளும், சோக் வைத்த குழல் விளக்குகளும், ஓரிரண்டு இஸ்திரிப் பெட்டிகளும்தான். இன்று அதே மாடியில் இரண்டு கடையின் இடத்தைச் சேர்த்துக் கணினி விளையாட்டுக் கூடம் நடக்கிறது, அல்லது டியூஷன் நிலையம் நடக்கிறது. மொத்த கிலோவாட் கூடியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்ப பிரேக்கரையும் பார்த்திருப்பார்கள். மின்னோட்டத்தின் வடிவம் மாறிவிட்டதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பேஸ் கம்பிகள் மூன்றும் பிரேக்கரின் எல்லைக்குள் இருக்கையில், கறுப்பு நிற நியூட்ரல் கம்பி தன் எல்லையைத் தாண்டிச் சுடும் நிலை இதனால்தான் வருகிறது.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொள்கிறது. கீழே மீட்டர் பலகையிலிருந்து மாடி டிபி பெட்டி வரை 25 மீட்டர் ஓடும், 400/230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் கொண்ட சுற்று அது. கேபிள் நான்கு கோர் பிவிசி, 6 சதுர மில்லிமீட்டர் தாமிரம், சுவரில் கிளிப் அடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று பேஸ் பிரேக்கர் 32 ஆம்பியர். மாடியில் 54 கணினிகள், ஒவ்வொரு பேஸிலும் 18 எனச் சமமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எல்இடி விளக்குகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் அதே பெட்டியில் இருக்கின்றன. குளிரூட்டிகளுக்குத் தனிச் சுற்று உண்டு, அவை இங்கே கணக்கில் வராது.

ஏன் கூடுகிறது

மலிவான கணினி பவர் சப்ளையின் முகப்பில் ஒரு டயோட் பாலமும் அதன் பின்னால் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். மின்னழுத்தம் தன் உச்சத்தை நெருங்கும் சிறு நேரத்தில்தான் அந்தக் கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை இழுக்கும், மற்ற நேரத்தில் ஒன்றும் இழுக்காது. ஆகவே பேஸ் கம்பியில் ஓடுவது வழவழப்பான சைன் அலையாக இல்லாமல், அரைச் சுழற்சிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் குறுகிய துடிப்புகளாக இருக்கும். அந்தத் துடிப்பைப் பிரித்துப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையோடு 150, 250, 350, 450 ஹெர்ட்ஸ் அலைகளும் உள்ளே இருப்பது தெரியும். இவற்றில் மூன்றால் வகுபடும் ஒற்றைப்படை வரிசைகளான மூன்றாவது, ஒன்பதாவது, பதினைந்தாவது ஆகியவற்றைத்தான் மும்மடங்கு ஹார்மோனிக் என்கிறோம்.

நியூட்ரலில் இவை ஏன் கூடுகின்றன என்பதை நேரக் கணக்காகப் பார்ப்பது எளிது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவினாடி ஆகிறது, ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 6.67 மில்லிவினாடி இடைவெளி இருக்கிறது. அடிப்படை அலைக்கு அந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்கு சுழற்சி, ஆகவே மூன்று பேஸின் அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நியூட்ரலில் பூஜ்யமாகின்றன. மூன்றாவது ஹார்மோனிக்கின் ஒரு முழுச் சுழற்சியே 6.67 மில்லிவினாடிதான். ஒரு பேஸுக்குப் பின் அடுத்த பேஸ் தொடங்கும்போது, அது சரியாக ஒரு முழுச் சுழற்சி தள்ளி, அதாவது அதே நிலையில், வந்து சேருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்போது அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, நியூட்ரலில் மூன்று மடங்கு ஓடுகிறது. ஐந்தாவது ஹார்மோனிக்குக்கு 4 மில்லிவினாடிச் சுழற்சி, 6.67 அதில் முழு எண்ணாக அடங்காது, ஆகவே அது அடிப்படை அலையைப் போலவே மூன்று பேஸுக்கிடையே கழிந்துவிடும். ஏழாவதும் அப்படித்தான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். செம்பனை எண்ணெய் ஆலையில் இருக்கும் பெரிய மோட்டார் டிரைவுகளைப் பார்த்துப் பலரும் அங்கேதான் நியூட்ரல் சிக்கல் இருக்கும் என்று எண்ணுகிறார்கள். அந்த டிரைவுகள் மூன்று பேஸ் கம்பியில் மட்டும் இயங்குபவை, அவற்றுக்கு நியூட்ரலே கிடையாது. ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்கை அவை நிறையத் தரும், அது வேறு தலைவலி. நியூட்ரலைச் சூடாக்குவது அதே ஆலையின் அலுவலகக் கட்டடமும், பட்டணத்துக் கடைவீட்டு மாடியும்தான்.

சுமையைச் சமமாகப் பிரிப்பது இதற்கு மருந்தாகாது என்பதையும் முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும். பேஸுக்கு 18 கணினி என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தது அடிப்படை அலையைத்தான் நியூட்ரலிலிருந்து நீக்கியது. மூன்றாவது ஹார்மோனிக்கை அது தொடவே இல்லை.

முதல் படி: அளப்பது

அளவெடுக்கும்போது கூடம் நிறைந்திருக்க வேண்டும், பள்ளி விட்ட பிறகோ சனிக்கிழமை இரவோ போவது நல்லது. திறந்த பெட்டியில் மின்சாரம் ஓடும்போது கை வைக்கும் வேலை இது. மூன்று பேஸ் வேலைக்குப் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும், மற்றவர்கள் இந்தப் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிளாம்ப் மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் வகையாக இருக்க வேண்டும். சராசரியை அளந்து அதை சைன் அலைக்கு மாற்றிக் காட்டும் மலிவான மீட்டர், துடிப்பு வடிவ மின்னோட்டத்தைக் கால் பங்கோ அதற்கும் மேலோ குறைத்துக் காட்டக்கூடும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நியூட்ரலில் ஓடுவது பெரும்பாலும் தனி 150 ஹெர்ட்ஸ் சைன் அலை என்பதால், அதே மலிவான மீட்டர் நியூட்ரலில் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். அதனால் பேஸில் 21, நியூட்ரலில் 41 என்பது போன்ற விநோதமான எண்கள் கிடைக்கும், பார்த்தவர் மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி நியூட்ரல் எண்ணைத் தள்ளிவிடுவார். உண்மையில் தள்ள வேண்டியது பேஸ் எண்ணைத்தான்.

ஒவ்வொரு பேஸையும் தனித்தனியாக அளந்த பின் நியூட்ரலை அளக்க வேண்டும். மீட்டரில் அதிர்வெண் காட்டும் வசதி இருந்தால், நியூட்ரலில் அதை அழுத்திப் பார்க்கலாம். 150 ஹெர்ட்ஸ் என்று காட்டினால் ஓடுவது மூன்றாவது ஹார்மோனிக். 50 காட்டினால் சுமை சமமில்லாததால் வந்த மின்னோட்டம்தான் பெரிது, இந்த வழிகாட்டியின் கணக்கு அங்கே முதல் வேலையாகாது. பிறகு நான்கு கம்பியையும் சேர்த்து கிளாம்புக்குள் விட்டால் ஏறக்குறையப் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ நிலத்துக்குக் கசிவு இருக்கிறது, அல்லது வேறொரு சுற்றின் நியூட்ரல் இதில் வந்து கலந்திருக்கிறது, அதைச் சரி செய்யாமல் மேலே போகக் கூடாது.

ஹார்மோனிக்கைப் பிரித்துக் காட்டும் பவர் அனலைசர் கிடைத்தால் நம் எடுத்துக்காட்டுச் சுற்றில் ஒவ்வொரு பேஸிலும் இந்த எண்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்: அடிப்படை அலை 24.5 ஆம்பியர், மூன்றாவது 13.7, ஐந்தாவது 6.3, ஏழாவது 2.8, ஒன்பதாவது 2.2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பேஸ் மின்னோட்டம் 29 ஆம்பியர். நியூட்ரலில் மூன்றாவதும் ஒன்பதாவதும் மட்டும் மும்மடங்காகின்றன:

```
I_L = √(24.5² + 13.7² + 6.3² + 2.8² + 2.2²) ≈ 29.0 A
I_N = √[(3 × 13.7)² + (3 × 2.2)²]         ≈ 41.6 A
```

பேஸைவிட நியூட்ரலில் 1.43 மடங்கு ஓடுகிறது. 32 ஆம்பியர் பிரேக்கர் 29 ஆம்பியரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும், ஏனெனில் அதன் மூன்று துருவத்தில் ஒன்றுகூட நியூட்ரலில் இல்லை.

அனலைசர் இல்லாத இடத்தில் ஒரு சோதனை உண்டு. மாடியில் ஒரு பேஸின் சுமையை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்து நியூட்ரலைப் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு பேஸ், பிறகு மூன்று. சாதாரணச் சுமையாக இருந்தால், அதாவது நீர் சூடேற்றியோ பழைய குமிழ் விளக்கோ என்றால், நியூட்ரல் 29, 29, 0 என்று போகும். நம் கூடத்தில் அது 29, 38, 41.6 என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு பேஸைச் சேர்க்கச் சேர்க்க நியூட்ரல் குறையாமல் ஏறினால் வேறு சாட்சி தேவையில்லை.

சூடு எங்கே தெரியும்

டிபி பெட்டியின் மூடியைக் கழற்றியதும் நியூட்ரல் கட்டையை நெருங்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளின் உறை மிருதுவாகவும் நிறம் மாறாமலும் இருக்க, கறுப்புக் கம்பியின் உறை திருகுக்குப் பக்கத்தில் பளபளத்து, விறைத்து, லேசாக வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்திருக்கும். ஆனால் இதே அடையாளத்தைத் தளர்ந்த திருகும் தரும், ஆகவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் சூடு அந்த முனையில் உச்சமாக இருந்து, ஒரு சாண் தள்ளிப் போனதும் விழுந்துவிடும். ஹார்மோனிக் சுமையால் என்றால் கேபிள் ஓடும் வழி முழுவதும், சுவரின் நடுப்பகுதியில்கூட, கதகதப்பு இருக்கும். வெப்பக் கேமரா இருந்தால் இது ஒரு நிமிட வேலை.

இன்னொரு அடையாளம் நியூட்ரலுக்கும் நிலக் கம்பிக்கும் இடையிலான மின்னழுத்தம். 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்குச் சூடான நிலையில் மீட்டருக்கு ஏறக்குறைய 3.7 மில்லிஓம் தடை உண்டு. 25 மீட்டருக்கு 0.09 ஓம், அதில் 41.6 ஆம்பியர் ஓடினால் இந்தக் கேபிளில் மட்டும் சுமார் 3.9 வோல்ட் விழும். சமமாகப் பிரித்த சாதாரணச் சுமையில் இந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நியூட்ரல் திருகைச் சுமையோடு தளர்த்திப் பார்க்க யாரும் துணியக் கூடாது. மூன்று பேஸ் உயிரோடிருக்கும்போது பொது நியூட்ரல் அறுந்தால், குறைந்த சுமையுள்ள பேஸில் இருக்கும் சாதனங்கள் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400ஐ நெருங்கும் மின்னழுத்தத்தைப் பெறும். நொடியில் பவர் சப்ளைகள் வரிசையாகப் போய்விடும். நியூட்ரல் அதிகம் சுட்டு முனையில் எரிந்து அறுந்தாலும் முடிவு இதேதான், அதனால்தான் இந்தச் சூட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாம் படி: சதவீதத்தைச் சரியாக எடுப்பது

அளவுக் கணக்குக்கு வேண்டியது, மூன்றாவது ஹார்மோனிக் பேஸ் மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண். அனலைசர்கள் இதை இரண்டு விதமாகக் காட்டும். அடிப்படை அலையோடு ஒப்பிட்டால் 13.7ஐ 24.5ஆல் வகுக்க வேண்டும், 56 சதவீதம் வரும். மொத்த ஆர்எம்எஸ் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் 13.7ஐ 29ஆல் வகுக்க வேண்டும், 47 சதவீதம் வரும். கேபிள் கணக்கில் நாம் பெருக்கப்போவது பேஸின் மொத்த மின்னோட்டத்தை என்பதால் இரண்டாவது எண்தான் பொருந்தும். சாதாரணமாகத் திரையில் முதலில் வருவது அடிப்படை அலையோடு ஒப்பிட்ட எண் என்பதால் அமைப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. டிஎச்டி என்ற மொத்தச் சதவீதத்தையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அதில் நியூட்ரலுக்குத் தொடர்பில்லாத ஐந்தாவதும் ஏழாவதும் கலந்திருக்கின்றன.

கட்டடம் இன்னும் எழும்பாத புது வேலையில் அளக்க ஒன்றும் இருக்காது. அப்போது சாதனங்களின் வகையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். ஐஇசி 61000-3-2 தரம் 25 வாட்டுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு மூன்றாவது ஹார்மோனிக்கை அடிப்படை அலையில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது, ஆனால் 25 வாட்டுக்குக் கீழுள்ள சிறு விளக்குகளுக்கு அது 86 சதவீதம் வரைகூடப் போக ஒரு வழி விட்டிருக்கிறது. ஒரு கடை முழுக்கச் சிறு எல்இடி பல்புகளால் நிறைந்திருந்தால் அதன் பொருள் என்ன என்பது இப்போது புரியும். பவர் பேக்டர் திருத்தம் உள்ளே கொண்ட நல்ல பவர் சப்ளைகளில் மூன்றாவது மிகக் குறைவாக இருக்கும். என் போக்கு இதுதான்: சாதனத்தின் பட்டியலை முதலாளி கையில் கொடுக்காதவரை, கணினியும் சிறு எல்இடியும் நிறைந்த மாடிக்கு 45 சதவீதத்துக்கு மேல் என்றே எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் படி: அட்டவணையும் அதன் உள்ளர்த்தமும்

மலேசியாவில் கட்டட மின்கம்பியமைப்புக்கு எம்எஸ் ஐஇசி 60364 வரிசை பின்பற்றப்படுகிறது. அதன் 5-52 பகுதியின் பின்னிணைப்பில், நான்கு அல்லது ஐந்து கோர் கேபிளில் மூன்றாவது ஹார்மோனிக் ஓடினால் என்ன செய்வது என்று ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. 15 சதவீதம் வரை பேஸ் மின்னோட்டத்தைக் கொண்டே அளவு எடுக்கலாம், குறைப்புக் காரணி இல்லை. 15க்கு மேல் 33 வரை, பேஸ் மின்னோட்டத்தையே எடுத்து 0.86 என்ற காரணியைப் பயன்படுத்த வேண்டும். 33க்கு மேல் 45 வரை, நியூட்ரல் மின்னோட்டத்தை எடுத்து அதே 0.86ஐப் பயன்படுத்த வேண்டும். 45க்கு மேல், நியூட்ரல் மின்னோட்டத்தைக் கொண்டு அளவெடுத்தால் போதும், காரணி 1.

முதல் தடவை பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும், ஹார்மோனிக் கூடும்போது காரணி ஏன் மறைந்துபோகிறது என்று கேட்பார்கள். விடை வெப்பக் கணக்கில் இருக்கிறது. சாதாரண அட்டவணையின் ஆம்பியர் எண்கள், கேபிளுக்குள் மூன்று கம்பி சூடாகின்றன, நியூட்ரல் குளிர்ந்திருக்கிறது என்று கொண்டு போடப்பட்டவை. நியூட்ரலிலும் பேஸுக்குச் சமமாக ஓடினால் மூன்று அடுப்புக்குப் பதில் நான்கு அடுப்பு எரிகிறது. மொத்த வெப்பம் மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தை முக்காலின் வர்க்கமூலத்துக்கு, அதாவது 0.866க்கு, இறக்க வேண்டும். அட்டவணையின் 0.86 அங்கிருந்து வருகிறது. 45 சதவீதத்தில் நியூட்ரல் பேஸைப்போல 1.35 மடங்கு ஆகிவிடும். அந்த நியூட்ரலைத் தாங்கும் தடிமனில் நான்கு கம்பியையும் போட்டால், பேஸ் கம்பிகள் தங்கள் திறனில் முக்கால் பங்குக்குத்தான் வேலை செய்யும், மொத்த வெப்பம் மூன்று கம்பி முழுச் சுமைக்குக் கீழேயே நிற்கும். ஆகவே தனிக் காரணி தேவையில்லை.

33, 45 ஆகிய எல்லைகளில் ஒரு கோணல் உண்டு. 32 ஆம்பியர் சுற்றுக்கு 44 சதவீதம் என்றால் நியூட்ரல் 42.2 ஆம்பியர், அதை 0.86ஆல் வகுத்தால் 49.1. அதுவே 46 சதவீதம் என்றால் நியூட்ரல் 44.2, வகுக்க வேண்டியதில்லை. ஹார்மோனிக் கூடியபோது கேபிள் சிறியதாவது நியாயமாக இருக்க முடியாது. அளந்த எண் எல்லைக்கு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வந்தால் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு, பெரியதை எடுப்பதே அறிவு.

அட்டவணை எதற்குப் பொருந்தாது என்பதும் முக்கியம். நியூட்ரல் பேஸின் அதே உலோகத்தில், அதே குறுக்களவில் இருக்கும் கேபிளுக்குத்தான் அது. பழைய கட்டடங்களில் நியூட்ரல் கோர் மெலிந்த பெரிய கேபிள்கள் இருந்தால், 15 சதவீதத்தைத் தாண்டிய உடனேயே அவற்றை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒன்பதாவது ஹார்மோனிக் பேஸ் மின்னோட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போனாலும், பேஸ்களுக்கிடையே சமமின்மை பாதிக்கு மேல் இருந்தாலும், அட்டவணையைவிடக் கடுமையான காரணி தேவைப்படும். நம் சுற்றில் ஒன்பதாவது 7.6 சதவீதம்தான்.

நான்காம் படி: நம் சுற்றுக்குக் கணக்கு

பழைய கணக்கை முதலில் பார்ப்போம். சுவரில் கிளிப் அடித்த பிவிசி நான்கு கோர் கேபிளுக்கு, 30 டிகிரியில், தரம் தரும் எண்கள் இவை: 6 சதுர மில்லிமீட்டர் 41 ஆம்பியர், 10க்கு 57, 16க்கு 76. நம் கேபிள் மாடியில் தகரக் கூரைக்கடியில் முடிகிறது, அங்கே 40 டிகிரி என்று எடுப்பது மிகையாகாது. அதற்கு பிவிசியின் வெப்பநிலைக் காரணி 0.87. ஆகவே 6 சதுர மில்லிமீட்டரின் திறன் 35.7 ஆம்பியர். சுமை 29, பிரேக்கர் 32, கேபிள் 35.7. வரிசை சரியாகத்தான் இருக்கிறது, போட்டவர் தன் காலத்துக் கணக்கில் தவறவில்லை. ஆனால் நியூட்ரலில் 41.6 ஓடுகிறது, அது திறனைவிட 17 சதவீதம் கூடுதல். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் நியூட்ரல் கம்பியில் பிறக்கும் வெப்பம் 36 சதவீதம் கூடுதல்.

புதிய கணக்கை இன்றைய 29 ஆம்பியரைக் கொண்டு போடக் கூடாது, பிரேக்கர் எவ்வளவு விடுமோ அந்த 32ஐக் கொண்டு போட வேண்டும். 47 சதவீதம் என்பதால் நான்காவது வரிசை:

```
I_N = 32 × 0.47 × 3 = 45.1 A
45.1 ÷ 0.87         = 51.9 A  →  10 mm² (57 A)
```

ஒன்பதாவதையும் சேர்த்து 1.436 மடங்கு என்று எடுத்தாலும் 46 ஆம்பியர்தான் வருகிறது, 10 சதுர மில்லிமீட்டரின் 40 டிகிரித் திறன் 49.6. தரத்தின்படி இங்கேயே நிறுத்திவிடலாம்.

நான் நிறுத்த மாட்டேன். இந்த வகைச் சுமையில், மூன்று பேஸின் துடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படாத அளவு குறுகினால், நியூட்ரல் பேஸைப்போல √3 மடங்கு வரை, அதாவது 1.73 மடங்கு வரை போகும். அதுதான் உச்சம். 32 ஆம்பியர் பிரேக்கர் கண்காணிக்கும் சுற்றில் அந்த உச்சம் 55.4 ஆம்பியர், 10 சதுர மில்லிமீட்டர் அதைத் தாங்காது. 16 சதுர மில்லிமீட்டர் 40 டிகிரியில் 66 ஆம்பியர் தாங்கும். நாளைக்கு வாடகைக்கு வருபவர் எந்தச் சாதனத்தை வைத்தாலும், பிரேக்கர் விழாமல் நியூட்ரல் மட்டும் எரியும் நிலை இதனால் வரவே முடியாது. 25 மீட்டர் ஓட்டத்தில் 10க்கும் 16க்கும் உள்ள விலை வேறுபாடு கூலியோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. நூறு மீட்டருக்கு மேல் ஓடும் கேபிள் என்றால் கணக்கு மாறும், அங்கே 10ஐப் போட்டு நியூட்ரலைக் கண்காணிக்கும் பிரேக்கரை வைப்பது சிக்கனம்.

தனித்தனிக் கோர் கம்பிகளைக் குழாயில் இழுப்பவர்களுக்கு வேறு வழி உண்டு, நியூட்ரலை மட்டும் தடிமனாக்கலாம். தரம் அதற்கு, 33 சதவீதத்தைத் தாண்டும்போது, நியூட்ரலைப் பேஸ் மின்னோட்டத்தின் 1.45 மடங்குக்கு அளவெடுக்கச் சொல்கிறது. நமக்கு அது 46.4 ஆம்பியர். சுவர்மேல் குழாயில் ஓடும் பிவிசிக்கு 10 சதுர மில்லிமீட்டர் 50, 16க்கு 68, 40 டிகிரியில் முறையே 43.5, 59.2. ஆகவே பேஸுக்கு 10, நியூட்ரலுக்கு 16.

ஐந்தாம் படி: கேபிளைத் தவிர மற்றவை

கேபிளை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கமான பிழை. நியூட்ரல் மின்னோட்டம் கேபிளில் மட்டும் ஓடவில்லை. மாடிப் பெட்டியில் நான்கு துருவ ஆர்சிசிபி 40 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அந்த எண் ஒவ்வொரு துருவத்துக்கும் உரியது. பேஸ் துருவங்களில் 29 ஓடும்போது நியூட்ரல் துருவத்தில் 41.6 ஓடுகிறது. நிலக் கசிவைக் கவனிக்கும் அந்தச் சாதனத்துக்குத் தன்மேல் ஓடும் மிகை மின்னோட்டம் தெரியாது, உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும். அதை 63 ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். ஐசொலேட்டருக்கும் நியூட்ரல் கட்டைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

நியூட்ரலைக் கண்காணிக்கும் நான்கு துருவ பிரேக்கரைத் தேர்ந்தால், நான்காவது துருவத்தில் மின்னோட்டத்தை உணரும் அமைப்பு இருக்கிறதா, வெறும் சுவிட்சா என்று பார்க்க வேண்டும், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நான்கு துருவமும் 32க்கே உணர்ந்தால் 41.6 ஓடும் நியூட்ரல் அதை அடிக்கடி விழச் செய்யும். நியூட்ரலுக்குப் பேஸைவிட உயர்ந்த எல்லை வைக்கக்கூடிய வகை வேண்டும். தனி ஃபியூசையோ ஒற்றைத் துருவ பிரேக்கரையோ நியூட்ரலில் போடுவது பற்றி நினைக்கவே கூடாது. அது விழுந்தால் மேலே சொன்ன 400 வோல்ட் நிலைதான்.

பெட்டிக்குப் பின்னால் போகும் ஒற்றைப் பேஸ் கிளைகளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. ஒரு பேஸ், அதற்கென ஒரு நியூட்ரல் என்று தனியாக ஓடும் கிளையில், போன மின்னோட்டமே திரும்பி வரும், ஹார்மோனிக் இருந்தாலும் இரண்டும் சமம். கூடுதல் நடப்பது மூன்று பேஸின் நியூட்ரல்கள் சந்திக்கும் கட்டையிலிருந்து மேலே, மின்மாற்றி வரைதான். கம்பி மிச்சம் பிடிக்க மூன்று கிளைக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருந்தால் அதுவும் ஒரு நான்கு கம்பிச் சுற்றாகிவிடும், அங்கும் இதே கணக்கு வேண்டும்.

வேலை முடிந்ததும் அதே சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் மீண்டும் அளக்க வேண்டும். பேஸ் 29, நியூட்ரல் 41.6 என்ற எண்கள் மாறியிருக்காது, கேபிளை மாற்றியதால் ஹார்மோனிக் குறைவதில்லை. மாற வேண்டியவை மற்ற இரண்டு. கறுப்புக் கம்பியின் வெப்பம் பேஸ்களுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், 25 மீட்டரில் நியூட்ரலில் விழும் மின்னழுத்தம் 3.9 வோல்ட்டிலிருந்து 1.5க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் இருந்தால், மூன்று பேஸையும் அணைத்துவிட்டு இரு முனையிலும் நியூட்ரல் திருகை இறுக்கிப் பார்க்க வேண்டும். புது 16 சதுர மில்லிமீட்டர்க் கம்பியின் இழைகள் கட்டையின் துளைக்குள் முழுமையாகப் போயிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.